கைதட்டினால் படுத்துக்கொள்வாள்

பள்ளிச் சேர்க்கைக்குப் போன அன்று என் மகள் தலைமை ஆசிரியை அறையின் தரையில் படுத்துக்கொண்டாள்.

தேர்வு வைக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால், "பிள்ளையோட சும்மா பேசிப் பார்ப்போம்" என்று சொல்லித்தான் அந்தத் தனியார் பள்ளியில் அழைத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு. அவளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. ஒரு தட்டில் மரக்கட்டைகளும் மணிகளும் வைத்து, "உனக்குப் பிடிச்சத எடுத்து ஏதாவது செய் பாப்பா" என்றார் தலைமை ஆசிரியை. அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பெயர் கேட்டதற்கும் பதில் இல்லை. அப்போது வெளியே வராந்தாவில் யாரோ பிள்ளைகளை வரிசைக்கு அழைக்கப் பலமாகக் கைதட்டினார்கள். அவள் அப்படியே தரையில் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். இமைகள் நடுங்கின. தூக்கம் இல்லை அது.

"ராத்திரி தூங்கலையா?"

"நல்லாதான் தூங்கினா மேடம்."

ஆசிரியை குரலைத் தாழ்த்தினார். "எல்கேஜில சேர்த்துப் பாருங்க. அதுக்கு முன்னாடி வேலூர்ல ஒரு தடவ காட்டிடுங்க. காது, அப்புறம் மத்ததும்."

வீடு வரும்வரை அந்த 'மத்ததும்' என் காதில் இருந்தது. நாற்பது வயதில் பெற்றவள். லேட்டாகப் பெற்றால் அப்படித்தான் என்று யாராவது சொல்வார்கள் என்று அவள் பிறந்த நாளிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்ப்பது என் வேலை. பேறுகால விடுப்பு முடிந்த நாளிலிருந்து மகள் கம்பெனியின் குழந்தைகள் அறையில்தான் வளர்ந்தாள். பெண்கள் அதிகம் வேலை செய்யும் தொழிற்சாலையில் சட்டப்படி அப்படி ஒரு அறை இருக்கவேண்டும். எங்கள் கம்பெனியிலும் இருந்தது. எல்கேஜி மதியமே விட்டுவிடும். அங்கன்வாடியும் எங்கள் சங்கு ஊதுவதற்கு வெகுநேரம் முன்பே மூடிவிடும். கம்பெனி அறைதான் மாலை வரை பிள்ளையை வைத்துக்கொண்டது. வீட்டில் மாலைகளில் நானே எழுத்து சொல்லிக்கொடுத்தேன். அ முதல் ஃ வரை ஒப்பிப்பாள், ஐம்பது வரை எண்ணுவாள். ஐந்து வயதுக்கு இது போதும், பள்ளிக்குத் தயார் என்று நானும் என் கணவரும் நினைத்தோம்.

வேலூர் மருத்துவமனையில் காதில் குறை இல்லை என்றார்கள். பிறகு குழந்தை வளர்ச்சிப் பிரிவில், பொம்மைகள் பரப்பிய ஓர் அறையில் அவளை உட்கார வைத்தார்கள். அங்கிருந்த நிபுணர் எதுவும் கேட்கவில்லை. தானும் தரையில் உட்கார்ந்து ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து மகள் ஒரு பொம்மையை எடுத்தாள். தரையில் படுக்க வைத்தாள். அதன் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"மூடு. ஆளு வர்றாங்க. தொறந்தா அடி."

நிபுணர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யாரும்மா வர்றாங்க?"

எனக்குத் தெரியும். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் ஆய்வுக்கு வருவதற்கு முந்தைய நாள் கம்பெனி முழுக்கத் துடைப்பார்கள். தைக்கும் பெண்களுக்குப் புது மாஸ்க் வரும். குழந்தைகள் அறையில் பூட்டிய பீரோவிலிருந்து பொம்மைகள், பிளாஸ்டிக் உறையோடு அலமாரிக்கு வரும். ஆய்வுக்கு வருபவர்கள் கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பார்கள். சுவரில் யானைப் படம், அலமாரி நிறைய பொம்மை, பாயில் வரிசையாகத் தூங்கும் பிள்ளைகள். புன்னகையோடு போவார்கள்.

நிபுணர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "பொம்மைய வச்சு நடிக்கிறா, நடந்தத வார்த்தையில சொல்றா. அது நல்ல விஷயம். இப்போதைக்கு நான் இதுக்கு எந்த நோய்ப் பேரும் வைக்க மாட்டேன், மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். எழுத்து தெரியாம வந்தா டீச்சர் சொல்லிக்குடுப்பாங்க. இது வேணும்னு கேக்கறது, தன் முறை வர்ற வரைக்கும் காத்திருக்கறது, சண்ட போட்டு சமாதானம் ஆகறது, ஒண்ணுக்கு வருதுன்னு சொல்றது, இதெல்லாம் மத்த புள்ளைங்களோட வெளயாடித்தான் வரணும். அதுக்கு அவளுக்கு எடமே கெடைக்கல."

மறுநாள் குழந்தைகள் அறை ஆயாவிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஒரு கையால் தொட்டிலை ஆட்டியபடி, இன்னொரு கையால் ஒரு பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மேடம் பண்றது? இத்தினி புள்ளைங்களுக்கு நா ஒருத்தி. பொம்ம குடுத்தா ஒடைக்கும், ஒடஞ்சா என்னக் கேப்பாங்க. அதான் ரெண்டு தட்டு தட்டுனா படுக்கணும்னு பழக்கி வச்சிருக்கேன்." பிறகு பெருமையாகச் சிரித்தாள். "உங்க பொண்ணுதான் மொத்தல்ல படுக்கும். தங்கம் மேடம். ஒரு பேஜார் கெடையாது."

சண்டை போடாமலே திரும்பினேன். பாயில் இரண்டு பிள்ளைகள் விழித்தபடி படுத்திருந்தார்கள்.

சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, எங்கள் தெரு அங்கன்வாடியில் அவளைச் சேர்த்தேன். பள்ளி திறக்க இருந்த கொஞ்ச நாட்களுக்குள் ஐந்து வருடத்தைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன் போல. முதல் நாள் பாட்டுக்காக டீச்சர் கைதட்டியதும் இவள் படுத்தாள். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"செத்துப்போச்சா டீச்சர்?" என்றான் ஒருவன்.

"ஒன்ன மாரி வாயாடி இல்லடா அது. தள்ளு, காத்து வரட்டும்."

டீச்சர் அதன்பின் கைதட்டவே இல்லை. பாட்டை வாயால் ஆரம்பித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மணலும் தண்ணீரும் வைத்து ஊற்றி விளையாட விட்டாள். பல நாள் என் மகள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். ஒரு நாள் பக்கத்துப் பெண்ணின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி, "என்து" என்றாள். அந்தப் பெண் அழுதது. நான் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூனில் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அங்கே எதுவும் கேட்கவில்லை. வயது ஆகியிருந்தது, எடுத்துக்கொண்டார்கள். ஒன்றும் இரண்டும் ஒரே அறை, ஒரே டீச்சர். நானும் வேலைக்குத் திரும்பினேன். மாலையில் பள்ளியிலிருந்து அவளை அழைத்து வர ஒரு மணி நேரம் முன்பே கிளம்ப அனுமதி வாங்கியிருந்தேன்.

போன வாரம் போனபோது டீச்சர் வாசல்வரை வந்தார். பாவம், தொண்டை கட்டியிருந்தது.

"உங்க பொண்ணு மாதிரி எல்லாரும் இருந்தா எனக்குத் தலைவலியே கம்மி. இருக்கற எடமே தெரியாது. ஒக்காருன்னா ஒக்காரும்."

மகள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். பாவாடையின் பின்பக்கம் நனைந்து, ஓரங்களில் காய்ந்து வெளுத்திருந்தது. மதியத்திலிருந்தே அப்படி உட்கார்ந்திருக்க வேண்டும். டீச்சர் அப்போதுதான் பார்த்தார். கையை வாயில் வைத்துக்கொண்டார். "ஐயோ, சொல்லவே இல்லையேம்மா."

ஸ்கூட்டரில் என் முன்னால் நின்றுகொண்டு வந்தாள். நெடுஞ்சாலையோரம் நிறுத்தி, அவளை என் பக்கம் திருப்பினேன். பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய லாரிகள் வாணியம்பாடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"டீச்சர், ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லு."

"டீச்சர், ஒண்ணுக்கு வருது."

உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"சத்தமா சொல்லு பாப்பா. இங்க யாரும் அடிக்க மாட்டாங்க."

அவள் முதலில் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு சொன்னாள். லாரி ஒன்று போனது. கேட்கவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னேன்.