ஆயிரத்துக்கு ஒன்று குறைவு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கேம் கம்பெனி. அங்கே மெனு வழுக்கிக்கொண்டு வருவதும், ஸ்கோர் எண் ஓடிவந்து நிதானமாக நிற்பதும் ரோஷினியின் கைவேலை. வேலையை விடுகிறேன் என்று தீபாவளிக்கு முன்பே சொல்லிவிட்டாள். பொங்கலும் போய்விட்டது. “இந்த ரிலீஸ் முடியட்டும்மா” என்பார் முதலாளி இருதயராஜ், ஒவ்வொரு ரிலீசுக்கும்.

அன்று அவர் போனை நீட்டினார்.

“இன்னாம்மா இது? ஆயிரம் பாயின்ட் எடுத்தா தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுலயே நின்னுகினு கீது!”

தவறு ரோஷினியுடையதுதான். மிச்சமிருக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் திரைப்படம் மாறும் ஒவ்வொரு நொடித்துளியிலும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும், நகர்த்தச் சொல்லியிருந்தாள். எண் முதலில் பாய்ந்து ஓடும், கிட்டே வர வர மெதுவாகும், பார்க்க அழகு. ஆனால் மிச்சம் என்று ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். திரையில் தசமத்தை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் காட்டுவதால், கடைசி ஒன்று ஏறவே இல்லை.

மிச்சம் ஒன்றுக்குக் கீழே போனால் பேசாமல் ஆயிரத்தைப் போட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்தாள். ஆயிரம் வந்து நின்றது.

“சூப்பர்மா! அப்டியே அடுத்த கேமுக்கும் போட்டுக் குடுத்துட்டுப் போ. உன் வேலை கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்.”

ரோஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிட்டத்தட்ட என்றால் ஒருநாளும் முடியாது சார் என்று சொல்ல வாய்வரை வந்தது.

விழுங்கிவிட்டு, அடுத்த கேமைத் திறந்தாள்.