இரண்டில் சார்பு இல்லை

அந்த மாணவியை நான் அடித்தது ஒரு கணக்குக்காக. இரண்டாயிரங்களின் நடுவில், திருப்பூரில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குக் கணிதம் எடுத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தாலே பிள்ளைகள் நடுங்குவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அன்று கரும்பலகையில் x வர்க்கம் கழித்தல் நான்கு, வகுத்தல் x கழித்தல் இரண்டு என்று ஒரு சார்பை, அதாவது ஃபங்ஷனை, எழுதி, x இரண்டை நெருங்கும்போது அதன் எல்லை, அதாவது லிமிட், என்ன என்று அவளை எழுப்பிக் கேட்டேன்.

"எல்லை இல்ல சார்."

"ஏன்?"

"ரெண்டு போட்டா கீழ சைபர் வருது. அங்க சார்பே இல்லையே சார், எப்படி எல்லை வரும்?"

முந்தின நாள்தான் இதே கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தேன். வகுப்பு முழுக்க என்னைக் கேலி செய்வதாகத் தோன்றியது. பலகையில் கோடு போடும் நீளமான மர ஸ்கேலை எடுத்தேன்.

"நாலுன்னு சொல்லு."

"ரெண்டுல சார்பு..."

முதல் அடி முழங்கையில் விழுந்தது. "நாலுன்னு சொல்லு!" தோளில், முதுகில், மறுபடி கையில். அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு வெறியேற்றியது. எத்தனை அடி என்று தெரியாது. ஸ்கேல் நெடுக்காகப் பிளந்தது. பிளந்த மரச் சிலாம்பு அவள் உள்ளங்கையைக் கிழித்தது. நோட்டில் ரத்தம் சொட்டியபோதுதான் என் கை நின்றது.

மறுநாள் காலை, வருகைப் பதிவை எடுத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பா வகுப்புக்குள் நுழைந்தார். நெல்லைப் பக்கமிருந்து வந்து, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். நேராக வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கரும்பலகையில் மோதினார். பின்மண்டையில் இடி இறங்கியது. மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து அவர் காலடியில் நொறுங்கியது.

"எம் பிள்ள என்னல தப்பு செஞ்சா? சொல்லு!"

"எல்லை இல்லைன்னு சொன்னாளுங்க. நாலுங்க விடை."

"அது தெரியாமத்தானல பள்ளிக்கொடத்துக்கு அனுப்புதேன்!"

அடுத்த குத்தில் உதடு பிளந்தது. அவள் கட்டுப்போட்ட கையோடு ஓடிவந்து, "விடுங்கப்பா, விடுங்க!" என்று கத்தி அவர் தோளைப் பிடித்துத் தொங்கினாள். தலைமையாசிரியரும் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவரை வெளியே இழுத்துப் போக முடிந்தது.

"ஏனுங்க சார், போலீசுக்குச் சொல்லிரலாங்களா?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"வேண்டாமுங்க," என்றேன். முதல் அடி என்னுடையது.

மருத்துவமனையில் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனதும், அடிபட்ட அன்று அவள் விட்டுப்போய் என் பையில் கிடந்த வகுப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய நாளில் நான் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: 'அடித்து நீக்கு. பிறகு 2 போடு. வருவதே எல்லை.' கீழே சிறியதாக: 'அடிக்கும் முன்னால் போட்டால்?' எல்லை என்பது சார்பு போய்ச் சேரும் இடம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். போய்ச் சேராத இடத்தில் எல்லை இல்லை என்று அவள் நேர்மையாக முடிவு செய்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, வீங்கிய வாயோடு வகுப்பெடுத்தேன். 1.9 போட்டால் 3.9. 1.99 போட்டால் 3.99. மறுபக்கம் 2.1 போட்டால் 4.1. 2.01 போட்டால் 4.01. இரண்டை மட்டும் யாரும் போடவில்லை.

"இரண்டில் என்ன நடக்கிறது என்று எல்லை கேட்பதே இல்லை. x இரண்டை எவ்வளவு நெருங்கினால், சார்பு நான்கை நாம் கேட்ட அளவுக்கு நெருங்கும் என்றுதான் கேட்கிறது. இரண்டில் மதிப்பு ஏழு என்று நானே வைத்தாலும் எல்லை நான்குதான்."

அவள் எழுந்தாள்.

"அப்ப ரெண்டு போடச் சொன்னீங்களே சார்?"

"மேலும் கீழும் உள்ள x கழித்தல் இரண்டை அடித்து நீக்கினால் கிடைக்கும் x கூட்டல் இரண்டு வேறொரு சார்பு. x இரண்டாக இருக்கும் இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் பழைய சார்பும் புதுச் சார்பும் ஒன்று. அதனால் எல்லையும் ஒன்று. புதுச் சார்பு இரண்டில் உடையாமல் தொடர்ச்சியாகப் போகிறது, அதனால் அதில் இரண்டைப் போட்டு எல்லையைக் கண்டுபிடிக்கலாம். அதை நான் சொல்லவில்லை. தப்பு என்னுடையது."

"ரெண்டுல சார்பு இல்லைன்னு நான் சொன்னது?"

"அது சரி."

"சரியாச் சொன்னதுக்குமா சார் அடிச்சீங்க?"

"ஆமாம்," என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் உட்கார்ந்தாள்.

ஆண்டு முடிந்ததும் வேறு பள்ளிக்கு மாறிப் போய்விட்டாள். கணிதத்தை விடவில்லை என்று மட்டும் பின்னால் ஒரு மாணவி சொன்னாள். மன்னித்தாளா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.