ராத்திரிக்கு இரண்டு டிரைவர்

முப்பது வருஷம் நெடுந்தூரப் பேருந்து ஓட்டியவர் அவர். பேரன் பிறந்து வீட்டுக்கு வந்ததும், "ராத்திரி பொறுப்பு என்னோடது. நீங்கல்லாம் நிம்மதியா தூங்குங்க" என்று அறிவித்துவிட்டார்.

தூங்கியது யார்? குழந்தை சிணுங்கினால் துணி மாற்றுவார். பசி என்று தெரிந்ததும் மருமகளின் கதவைத் தட்டுவார். அந்தச் சத்தத்தில் மகன் எழுந்துகொள்வான். தாலாட்டு என்ற பெயரில் அவர் எழுப்பிய குரலில் மனைவியும் எழுந்துவிடுவாள். ஒரு மாதத்தில் நான்கு பேருக்கும் கண்கள் கோவைப்பழம்.

ஒரு மதியம் சோபாவில் குழந்தையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தவர் விழித்தபோது கை காலியாக இருந்தது. துள்ளி எழுந்தார்.

"ஐயோ, குழந்தை எங்கே?"

"என்கிட்ட இருக்கான் மாமா. மெத்தை இடுக்குல சரிஞ்சுகிட்டிருந்தான், எடுத்துட்டேன்" என்றாள் மருமகள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்று சாயங்காலமே எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தார்.

"தப்பு என் மேலதான். தூரப் பயணத்துக்கு ரெண்டு டிரைவர் போவோம். ஒருத்தன் ஓட்டும்போது இன்னொருத்தன் படுத்துத் தூங்கணும், பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது. இங்க நாலு பேரும் சேர்ந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டிருக்கோம். யாருக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"சேர்ந்தாப்புல நாலு மணி நேரம் தூங்கினா போதும் மாமா" என்றாள் மருமகள். "பால் நல்லா சுரக்குது, ஒரு வேளைக்கு எடுத்து ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம்னு நர்ஸும் சொல்லிட்டாங்க."

"எனக்கு விடியற்காலையைக் குடுங்க. எப்படியும் முழிச்சுக்குவேன். நடுராத்திரி மட்டும் ஆகாது" என்றாள் மனைவி.

அப்படியே முடிவாயிற்று. மருமகள் இரவில் பால் கொடுத்துவிட்டுப் பின்னறையில் போய்ப் படுப்பாள். இயல்பிலேயே நேரம் கழித்துத் தூங்கும் அவர், அடுத்த வேளைக்குப் புட்டிப்பால் கொடுப்பார். நள்ளிரவுக்குமேல் மகன். பசித்தால் குழந்தையை அவளிடம் கொடுப்பான். ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைப்பது எல்லாம் அவன் வேலை. சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. கண் சொக்கினால் யாரானாலும் குழந்தையை மடியில் வைத்திருக்கக் கூடாது. தொட்டிலில் விட்டுவிட்டு அடுத்தவரை எழுப்ப வேண்டும்.

முதல் இரவு, முறை முடிந்த பிறகும் கதவோரம் நின்று அழுகுரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, போய்ப் படுங்க. எனக்குத் தெரியும்" என்றான் மகன்.

உண்மையிலேயே தெரிந்திருந்தது. சற்று நேரத்தில் அழுகை ஓய்ந்தது.

அந்தச் சனிக்கிழமை இரவு அவர் கட்டையைச் சாய்த்தவர்தான். வெயில் ஜன்னலுக்குள் வந்தபோது மனைவி தோளைத் தட்டினாள்.

"என்னங்க, உங்க பேரன் குளிச்சே முடிச்சுட்டான். உங்களுக்கு இன்னும் விடியலையா?"