நடுவில் காணாமல் போன எண்கள்

பெரு நாட்டு லிமா நகரில், அபங்காய் சாலை முக்கில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறாள் செனோபியா. பள்ளிக்கூடம் போனவளில்லை. எண் தெரியும், அவளுக்கு அது போதும். ஒவ்வொரு மினிபஸ்ஸும் கடக்கிற நிமிஷத்தை நோட்டில் குறித்து, அடுத்து வருகிற டிரைவரிடம் கூவுவாள்: "முன்னாடி வண்டி போய் ஆறு நிமிஷம்!" முன்வண்டி எவ்வளவு தூரம் என்று தெரிந்தால்தான் விரட்டுவதா, நின்று ஆளேற்றுவதா என்று அவனுக்குப் புரியும்; சில்லறையை வீசிவிட்டுப் பறப்பான். தப்பாகச் சொன்னால் அடுத்த சுற்றில் சில்லறை கிடையாது. அவ்வளவுதான் அவள் பிழைப்பு.

தம்பி எதில்பெர்த்தோவும் மினிபஸ் ஓட்டுபவன்தான், ஆனால் வண்டி முதலாளியுடையது. சொந்த வண்டிக்கு முன்பணமாக அந்நாட்டுப் பணத்தில் ஒன்பதாயிரம் சோல் சேர்த்திருந்தான். லீவு நாளில் அந்த முக்கில் மூலிகைத் தண்ணீர் விற்கிற வண்டியருகே ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு நின்று, அவளிடம் போனை நீட்டினான்.

"அக்கா, இது டாலர் வாங்கி விக்கிற ரென்சோ வாத்தியாரோட சேனல். மாசம் இருபது சதவீதம் உறுதியாம்! அவரு டாலர் வாங்கினா என் கணக்குலயும் தானா வாங்கும், வித்தா விக்கும். இன்னிக்கே பணம் போடணும், நாளைக்கு இடம் இருக்காதாம்."

"இருபதா? அப்ப அவன் ஏன்டா உன் ஒன்பதாயிரத்துக்குக் காத்திருக்கான்?"

"உனக்கு எல்லாமே சந்தேகம்."

கடைசிப் பதிவுகளின் இணைப்புகளை அவளுக்கு வரிசையாக அனுப்பினான். எல்லாமே லாபப் படம். செனோபியா படத்தைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு இணைப்பின் கடைசியிலும் இருந்த பதிவு வரிசை எண்ணைப் பார்த்தாள். நானூற்றுப் பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம் பதினைந்து.

"பதிமூணும் பதினாலும் எங்கடா?"

"படங்களைச் சேர்த்துப் போட்டா எண் தாண்டும்க்கா."

"சரி, இருக்கலாம். இருபதுலேர்ந்து இருபத்தெட்டுக்குப் போகுதே, அதுக்கும் படமா? இல்ல, தோத்ததை அழிச்சிட்டானா? என் நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சிட்டு வந்தா எவனாவது சில்லறை போடுவானா?"

அவன் இணைப்புகளை மறுபடியும் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

"அவன் போட்ட படம் வேண்டாம். அவன் காசு போட்டு வாங்கி விக்கிற கம்பெனியில, முதல் நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் உள்ள கணக்கைக் கேளு. தோத்தது, வாங்கிட்டு இன்னும் விக்காம நட்டத்துல நிக்கிறது எல்லாம் வரணும். நெசக் காசா, பழகறதுக்கு வச்ச வெறும் விளையாட்டுக் காசான்னும் தெரியணும்."

"அந்தக் கணக்கைப் பார்க்க மட்டும் ஒரு கடவுச்சொல் உண்டுக்கா. தொட முடியாது, பார்க்கலாம்."

"அதைக் கேளு. தொடாம பார்க்கறதுல அவனுக்கென்ன நட்டம்?"

முனகிக்கொண்டே வாத்தியாருக்குத் தட்டெழுதினான். 'அது உறுப்பினர்களுக்கு மட்டும். முதலில் பணம்' என்று பதில் வந்தது. பணம் போடும் முன்னே பார்க்க வேண்டும் என்று மறுபடியும் கேட்டான். கொஞ்ச நேரத்தில் சேனலே அவன் போனிலிருந்து மறைந்தது. அவனை வெளியே தள்ளிவிட்டார்கள்.

எதில்பெர்த்தோ கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். "முழுக்கணக்கைக் காட்டியிருந்தா?"

"காட்டியிருந்தாலும் நாளைக்கு என்ன ஆகும்னு அது சொல்லாதுடா. நான் போன வண்டியைத்தான் சொல்றேன், வரப்போற வண்டிக்கு உறுதி குடுக்கறேனா?"

மறுநாள் காலையில் அவன் வண்டி முக்கைக் கடந்தது.

"முன்னாடி வண்டி போய் நாலு நிமிஷம்! ஒன்பதாயிரம்?"

"அப்படியே இருக்குக்கா!" என்று சிரித்துக்கொண்டே இரண்டு காசு வீசினான்.

ஒன்றைத் திருப்பி எறிந்தாள் அவள். "ஒரு சேதிக்கு ஒண்ணுதான்டா!"