பால்காரர் மகளின் கண்ணிமை

ஒன்றரை வயது மகளோடு பால்காரர் டாக்டரம்மாவிடம் வந்திருந்தார். குழந்தை கொழுகொழுவென்றுதான் இருந்தாள். முகம்தான் வெளிறிக் கிடந்தது. சோற்றைத் தொடாமல் சுவரைச் சுரண்டித் தின்றாள்.

"பால் எவ்வளவு குடிக்கிறா?"

"ஒரு லிட்டருக்கு மேலங்க. நம்ம மாட்டுப் பாலாச்சே!" என்றார் பெருமை பொங்க.

டாக்டரம்மா குழந்தையின் கீழிமையை இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பே இல்லை.

"ரத்தமே இல்ல பாருங்க. பால்லயே வயிறு ரொம்பிடுது. அதுல இரும்புச்சத்து ரொம்பக் கம்மிண்ணே. ரெண்டு டம்ளர் போதும், அரை லிட்டரைத் தாண்டக் கூடாது."

"அப்ப பாதாம் பால் குடுக்கட்டுங்களா?"

"அதுல புரதமே கம்மி. பசும்பால் ஒத்துக்காத பிள்ளைக்குச் சத்து சேர்த்த சோயா பால் உண்டு. இவளுக்கு வேண்டியது சோறு, பருப்பு, முட்டை, இந்த இரும்பு மருந்து."

தெருவுக்கெல்லாம் தாராளமாக ஊற்றுபவர் வீட்டில் அளந்து ஊற்றினார். மகள் அழுதே ஊரைக் கூட்டினாள். பிறகு ஒருநாள் அப்பாவின் தட்டிலிருந்த முட்டையைப் பிடுங்கித் தின்றாள்.

இரண்டு மாதம் கழித்து, பால்காரர் பயந்துகொண்டே அந்த இமையை இழுத்துப் பார்த்தார். மாதுளை முத்தாய்ச் சிவந்திருந்தது.

"அம்மாடி! எங்கேடி ஒளிச்சு வெச்சிருந்த இத்தனை ரத்தத்தை?" என்று வாய்பிளந்து நின்றார்.