மூன்றாம் குப்பி

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம். அங்கே அவளுக்குத் துல்லியம்மா என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. கிண்டலாகத் தொடங்கிய பெயர், போகப் போக மரியாதையாகிவிட்டது. வீட்டில் கிண்டல் கிண்டலாகவே இருந்தது. தண்ணீர் குடிக்கும் முன் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். "ரீடிங் எடுத்து முடிச்சாச்சுன்னா எனக்கும் கொஞ்சம் குடு" என்பார் கணவர்.

அவள் வேலை தண்ணீரின் கலங்கலை அளப்பது. கருவி சின்னப் பெட்டி. கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை ஊற்றி உள்ளே வைத்து மூடினால் ஒரு விளக்கு ஒளியைப் பாய்ச்சும். தண்ணீரில் மிதக்கும் தூசு அந்த ஒளியைச் சிதறடிக்கும். பக்கவாட்டில், நேர் செங்கோணத்தில் உட்கார்ந்திருக்கும் ஒளியுணரி, சிதறி வருவதை மட்டும் பார்த்து ஓர் எண் சொல்லும். வடிகட்டிய தண்ணீருக்கு அந்த எண் ஒன்றைத் தாண்டக் கூடாது. எது சிதறடித்தது என்று மட்டும் பெட்டிக்குத் தெரியாது. தூசா, காற்றுக் குமிழியா, கண்ணாடியில் விழுந்த கீறலா, எல்லாம் அதற்கு ஒன்றுதான். அதைப் பிரித்தறிய வேண்டியது மனிதர் வேலை.

அதை அவள் ஒழுங்காகச் செய்துவந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கலங்கல் அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசல்களை வைத்துக் கருவியைச் சரிசெய்வாள். முத்திரையிட்ட அந்தக் குப்பிகளைக் குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாக்கித் திருப்புவாள். குலுக்கினால் குமிழி வரும். தினமும் காலையில் இருபது அளவுள்ள ஸ்டாண்டர்டை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. நான்கு மணல் வடிகட்டிகளுக்கு எண் போட்ட நான்கு குப்பிகள். குப்பியின் வெளிப்புறம், சின்னக் கீறல்களை மறைக்க, ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய் தடவித் துடைத்து, அதிலிருக்கும் அடையாளக் கோடு எப்போதும் முன்பக்கம் பார்க்கும்படி வைப்பாள்.

அந்த மாதம் குப்பிகளின் உட்புறம் கழுவும் மெல்லிய தூரிகை தேய்ந்துபோயிற்று. ஸ்டோரில் கேட்டதற்கு, வேறு தூரிகை கொடுத்தார்கள். நுனியில் முறுக்குக் கம்பி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனித்தாள். "பாத்துக் கழுவணும்" என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மூன்றாம் வடிகட்டியின் தண்ணீர் 1.3 காட்டியது.

அவள் பதறவில்லை. குப்பியைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்தாள், குமிழி இருந்தால் ஏறிப் போகட்டும் என்று. திரும்ப 1.3. ஸ்டாண்டர்டை வைத்தாள், இருபதுக்கு 19.8, குறை சொல்ல ஒன்றுமில்லை. புதிதாகத் தண்ணீர் பிடித்துவந்து அதே குப்பியில் ஊற்றினாள். 1.3. குமிழியாக இருந்தால் எண் ஆடியிருக்கும். ஆடாத எண்ணை அவள் நம்பினாள். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வடிகட்டியை நிறுத்தி, அடியிலிருந்து தண்ணீரை மேலே தள்ளி மணலைக் கழுவினார்கள். மறுநாளும் 1.2. அப்படியானால் ஒருநாள் கோளாறு இல்லை, மணலே கெட்டிருக்கிறது, பல மாதமாகச் சரியாகக் கழுவவில்லை என்று இன்ஜினியர் முடிவுக்கு வந்தார். கழுவும் பொறுப்பு ஃபில்டர் அண்ணனுடையது. இருபத்தேழு வருடமாக அந்த வால்வுகளைத் திறந்து மூடியவர். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. மெமோ வந்ததும் கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, நிஜமாவே ஒண்ணு புள்ளி மூணா?"

"மூணு தடவ பாத்துட்டேன் அண்ணே."

"நீ மூணு தடவ பாத்தா அப்புறம் கடவுளே வந்து பாத்தாலும் அதான்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்போ நான்தான் எங்கயோ விட்டிருக்கேன்."

அவள் பதிவேட்டைத் திருப்பி அவரிடம் காட்டினாள்.

அவர் அப்படியே எழுதிக் கொடுத்தார். கவனக்குறைவால் கழுவும் நேரத்தைக் குறைத்திருக்கலாம் என்று. வால்வில் இனி கை வைக்கக் கூடாது என்று, ஊருக்கு வெளியே ஏரிக்கரைப் பம்பு அறைக்கு அவரை அனுப்பினார்கள். மூன்றாம் வடிகட்டியைப் பூட்டினார்கள். மூன்றாம் குப்பி அலமாரியில் சும்மா இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஒன்றாம் குப்பி அவள் கை தவறி உடைந்தது. சும்மா இருந்த குப்பியை எடுத்து, ஒன்றாம் வடிகட்டியின் தண்ணீரை ஊற்றி வைத்தாள். 1.2.

நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே தண்ணீரை இரண்டாம் குப்பியில் ஊற்றினாள். 0.2. மூன்றாம் குப்பியைக் காலிசெய்து, தூசே இல்லாமல் வடித்த தண்ணீரை நிரப்பினாள். 1.1. அடையாளக் கோட்டை விட்டுவிட்டுக் குப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். 0.7. 0.3. மறுபடி 1.1. நன்றாகக் காயவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, உட்புறத்தில், ஒளி நுழையும் உயரத்தில், முடி போல இரண்டு கீறல்கள். எண்ணெய் வெளியே தடவுவது. உள்ளே விழுந்ததை அது மறைக்காது. கோட்டை ஒரே இடத்தில் வைத்த ஒழுங்குதான் எண்ணை ஆடாமல் நிறுத்தியிருந்தது. ஸ்டாண்டர்டுகள் அவற்றின் சொந்தக் குப்பிகளில் இருப்பவை; இந்தக் கண்ணாடியைப் பற்றி அவை ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. குப்பியை மாற்றிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைத்தான் அவள் செய்யவில்லை.

குப்பியை எடுத்துக்கொண்டு நேராக இன்ஜினியரிடம் போனாள். அவர் முழுவதையும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"சரி மேடம், ஃபில்டரைத் திறந்துடலாம். உங்களுக்கும் ஒரு மெமோ வரும், அத தவிர்க்க முடியாது."

"வரட்டும் சார். அண்ணன திரும்பக் கூப்பிடுவீங்களா?"

"அவரே ஒத்துக்கிட்டு எழுதியிருக்காரே. உங்க ரீடிங் தப்புன்னு நீங்க சொல்லலாம். அவர் எழுதினது தப்புன்னு அவர்தான சொல்லணும்?"

அன்று மாலையே ஏரிக்கரைக்குப் பஸ் ஏறினாள். பம்பு அறை வாசலில் ஃபில்டர் அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மோட்டார் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் குப்பியை வாங்கி, வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இதுவா. கண்ணுக்கே தெரியல."

"என் தப்பு அண்ணே. எழுதினத வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

அவர் குப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுதறப்போ எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா. உன் நம்பர நம்பித்தான் எழுதினேன். அதுக்கப்புறம் இங்க உக்காந்து யோசிக்க யோசிக்க ஒவ்வொண்ணா வந்துச்சு. அன்னைக்கு இடுப்பு வலின்னு சீக்கிரம் வால்வ மூடினேன். இன்னொரு நாள் பாதியில வெளிய போனேன். நடந்துச்சா, நானே சேத்துக்கிட்டதான்னு இப்ப தெரியல. தெரியாம எப்படி இல்லன்னு எழுதறது?"

"நீங்க சரியாத்தான் கழுவினீங்க. தண்ணி சுத்தமாத்தான் இருந்துச்சு."

"அது நீ சொல்ற" என்றார். குரலில் கோபம் இல்லை. "அன்னைக்கும் நீதான சொன்ன."

திரும்பும் பஸ் வர நேரமாயிற்று.

மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்து, அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்துக்குப் போனாள். தப்பை அழிக்கக் கூடாது, அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட வேண்டும் என்பது கூடத்து விதி. போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: "குப்பியின் உட்புறக் கீறல். வடிகட்டியில் குறை இல்லை. பிழை என்னுடையது." தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். கோட்டுக்கு அடியில் 1.3 தெளிவாகத் தெரிந்தது.

பிறகு மீதிக் குப்பிகளில் சுத்தத் தண்ணீரை நிரப்பி, ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.