சிவப்பு வட்டங்கள்

ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியின் அரபி ஆசிரியர் வேலைக்கு வந்த ஒருவரை நான் வேண்டுமென்றே தோற்கடித்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர் எழுதிய எழுத்து சரி என்று சொல்வதற்காக அல்ல. அது எனக்குச் சரியில்லை. இன்றைக்கும் சரியில்லை. என் குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

அரபி தெரியாதவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அரபியில் சில சொற்கள் நீண்ட 'ஆ' ஓசையில் முடியும். ஆனால் கடைசியில் அலிஃப் எழுத்து இருக்காது. 'யா' எழுத்தின் உருவம், கீழே புள்ளியில்லாமல் நிற்கும். அதை அலிஃப் மக்ஸூரா என்போம். அதே உருவத்தின் கீழே இரண்டு புள்ளி வைத்தால் அது உண்மையான யா. 'ஈ' என்று ஒலிக்கும். على என்றால் 'அலா', மேலே என்று பொருள். علي என்றால் 'அலீ', ஆளின் பெயர். இரண்டையும் பிரிப்பது அந்தப் புள்ளிகள்தான்.

எங்கள் ஊர்களில் ஒரு சிக்கல். வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை, வீட்டில் உருது பேசுகிறவர்கள் உருது எழுதிப் பழகிய கையோடுதான் அரபிக்கு வருகிறார்கள். உருதுவில் சொல்லின் கடைசியில் வரும் யாவுக்குப் புள்ளி வைக்கும் வழக்கமில்லை. ஆகவே அவர்கள் எழுதும்போது 'அலா'வும் 'அலீ'யும் ஒன்றுபோலவே இருக்கும். நான் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை. கல்லூரியில் உருதுக்காரத் தோழர்கள், "தமிழ் நாக்குல அரபி உருளாது தோஸ்த்" என்று சிரிப்பார்கள். நாக்கை விட்டுவிட்டு நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆசிரியர் ஆனபின் அவர்கள் வைக்காத புள்ளிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வட்டமிட்டே வயதாகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் பள்ளிகள் ஆள் எடுக்கும்போது தேர்வு வைக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பள்ளியிலும் நான்தான் சொல்வதெழுதுதல் வைத்தேன். பத்தியும் என்னுடையது. ஒரு காதி, அதாவது நீதிபதி, ஒரு வாலிபன், அவன் எறிந்த ஒரு கல். யா, மக்ஸூரா இரண்டும் நிறைய வரவேண்டும் என்றே எழுதிய கதை. வந்தவர்களில் கடைசிவரை நின்றவர்கள் இருவர். ஒருவர் வெளிநாட்டில் சில ஆண்டு இருந்துவிட்டு வந்த இளம்பெண். மற்றவர் நாற்பது வயதை நெருங்கியவர், உருது வீட்டுக்காரர். கணவர் ஷூ கம்பெனியில் வெட்டுப் பிரிவில் இருந்து, முதுகு போய் வீட்டோடு இருந்தார். வேறொரு பள்ளியில் தற்காலிக வேலை பார்த்து வந்த இவருக்கு, இது கிடைத்தால் நிரந்தரம். கிடைக்காவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். இதெல்லாம் விண்ணப்பத்திலேயே இருந்தது. நான் படித்திருந்தேன்.

அவர் தாளில் கடைசி யா எதற்கும் புள்ளியில்லை. எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. பேனாவைத் திறந்தேன்.

வட்டமிட்டுக்கொண்டே போனவன் பாதித் தாளில் நின்றேன். மக்ஸூராவுக்குப் பின்னால் ஒட்டு வரும்போதுதான் எழுதுகிறவரின் அறிவு வெளியே வரும். சொல்லின் கடைசியில் இருந்த எழுத்து இப்போது நடுவுக்கு வந்துவிடுகிறது. மக்ஸூரா நடுவில் நிற்காது. 'ஃபதா', வாலிபன், என்பதோடு 'அவர்களுடைய' என்ற ஒட்டு சேர்ந்தால் فتاهم என்று நேரான அலிஃப் ஆகிவிடும். 'ரமா', எறிந்தான், என்பது 'அதை எறிந்தான்' ஆகும்போது رماه. ஆனால் 'அலா', 'இலா' போன்ற சில சொற்கள் அந்த வழியில் போகாது. அவை புள்ளி வைத்த யாவாக மாறி, ஓசையும் மாறி, عليه என்று 'அலைஹி' ஆகும். காதி என்பது முதலிலிருந்தே உண்மையான யா. ஒட்டு வந்தாலும் யாவாகவே இருந்து, நடுவில் புள்ளியோடு நிற்கும். புள்ளி வைத்தே பழகிய என் மாணவர்களே இங்கே வழுக்குவார்கள்.

இவர் ஓரிடத்தில்கூட வழுக்கவில்லை. அலிஃப் வரவேண்டிய இடத்தில் அலிஃப். யா வரவேண்டிய இடத்தில் யா, கீழே இரண்டு புள்ளியும் அழகாக. எது மக்ஸூரா, எது யா என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். கடைசியில் மட்டும் கை பழக்கத்துக்குப் போகிறது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் மிச்ச வட்டங்களையும் போட்டேன்.

சொல்வதெழுதுதல் திருத்துவதில் ஒரு முறை உண்டு. ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால் ஒருமுறைதான் கழிக்க வேண்டும். புதிய ஆசிரியர்களுக்கு இதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இவருக்கு ஒவ்வொரு வட்டத்துக்கும் கழித்தேன். இளம்பெண்ணின் தாளில் கடைசிப் புள்ளிகள் எல்லாம் சரி. ஆனால் 'ஃபதா'வோடு ஒட்டு வந்த இடங்களில் எல்லாம் அலிஃப் போடாமல் யாவைப் போட்டுப் புள்ளியும் வைத்திருந்தார். அது அறியாமை. அதை ஒருமுறை கழித்தேன். முறைப்படி.

மறுநாள் பள்ளி அலுவலகத்தில் மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, தாளைப் பார்க்க வேண்டும் என்று அந்த உருது வீட்டு அம்மாள் வந்து நின்றார். பள்ளியின் தலைவர் தோல் மண்டி வைத்திருப்பவர், அவரும் உருதுக்காரர்தான். தாளை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் நின்றபடியே புரட்டினார்.

"இது இன்னா சார், அம்மை போட்ட மாதிரி இருக்குது?"

"புள்ளி இல்லைம்மா."

"குர்ஆன் முஸ்ஹஃப்ல கடைசி யாவுக்குப் புள்ளி இருக்குதா? எங்க வீட்ல இருக்கிறதுல இல்ல. உங்க வீட்ல இருக்கிறதுல இருக்குதா சார்?"

"குர்ஆன் எழுத்துமுறை வேற. நாம எழுதற அரபி வேற. அது உங்களுக்கும் தெரியும்."

"தெரியும். எகிப்துல அச்சாகிற புஸ்தகத்துலகூட ஜாஸ்தி வைக்கிறதில்ல, அதுவும் தெரியும். அவங்களையும் ஃபெயில் பண்ணுவீங்களா?"

தலைவர் சிரித்துவிட்டார். "இங்கே பிள்ளைங்க படிக்கிறாங்க. 'மேலே'ன்னு எழுதினதை 'அலீ'ன்னு படிச்சா என்ன பண்றது?" என்றேன்.

"அது நியாயம். ஒரு தப்புன்னு கழிங்க, நான் வாயத் திறக்கல. ஒரே தப்ப எத்தினி வாட்டி சார் கழிப்பீங்க?"

அவர் தாளை மேசையில் வைத்து, ஒட்டு வந்த சொற்களின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்தார். "இதப் பாத்தீங்களா? இது? இது? பாத்துட்டுத்தானே போட்டீங்க?"

"முடிவு முடிவுதான்மா," என்றேன்.

"சரி. நான் இனிமே வைக்கிறதா இருந்தேன். இப்ப வைக்க மாட்டேன்." தாளை மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போனேன். வட்டங்கள் கண்ணுக்குள் நின்றன என்றால் பொய். அவர் விரல் நின்றது. பாத்துட்டுத்தானே போட்டீங்க என்றது நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்த தோழர்களில் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அவர்கள் மேலிருந்த கோபத்தை, முதுகு போன ஒரு மனிதரின் வீட்டு அடுப்பில் நான் கொட்டியிருக்கிறேன்.

பள்ளிக் குழு கூடி ஆணை தயாராகும் முன் போகவேண்டும் என்று தலைவரின் மண்டிக்கே போனேன். ஈரத்தோல் கட்டுகளைப் பிரித்துப் போட்டு, நீலம் பூத்த தோல்களில் ஓட்டை, கீறல் பார்த்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரசாயன வாடை மூக்கில் ஏறியது. அவர் ஒரு தோலைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபடியே, "வாங்க ப்ரொஃபசர் சாப். புள்ளி தேடிட்டு இங்கேயே வந்துட்டீங்களா?" என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும். முறை என்ன, நான் செய்தது என்ன, ஏன் செய்தேன் என்பதுவரை.

அவர் தோலைக் கீழே போட்டார். "இப்ப போய் சொல்றீங்களே. அந்தப் பொண்ணு வீட்டுக்குச் சொல்லியாச்சி. ஆணையில உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. பேஜார் பண்ணாதீங்க."

"போட மாட்டேன்."

"போடலன்னா வேற ஆளக் கூப்பிட்டுப் போடவைப்பேன்."

"கூப்பிடுங்க. அவர்கிட்ட ரெண்டு தாளையும் குடுங்க. நான் குழுவுல வந்து எந்திரிச்சு, திருடினது நான்தான்னு சொல்றேன்."

"திருட்டா? பெரிய வார்த்தை."

"ஒரே தோல்ல இருக்கிற ஒரே கீறல, பாக்கும்போதெல்லாம் புதுசா எண்ணிக் கழிச்சா உங்க தொழில்ல அதுக்கு இன்னா பேரு?"

தரம் பிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வெள்ளிக்கிழம தொழுகைக்கு அப்புறம் குழு. வந்து சேருங்க," என்றார் தலைவர்.

குழுவில் அந்த அம்மாளையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் எதிரிலேயே இரண்டு தாளையும் முறைப்படி திருத்திக் காட்டினேன். புள்ளிக்கு ஒருமுறை கழித்தேன்; விடவில்லை. இளம்பெண் ஒட்டில் செய்த தவறுக்கும் ஒருமுறைதான், ஆனால் இலக்கணத் தவறு என்பதால் அதற்குக் கழிவு கூட. அந்த அம்மாள் முந்தினார். முன்பு செய்தது தெரியாமல் செய்த தவறு அல்ல, தெரிந்து செய்தது என்று எழுந்து நின்று சொன்னேன். குழுவில் ஒருவர், "வயசாயிடிச்சி, கண்ணு சரியில்ல, விடுங்க" என்றார். எனக்காகச் சொன்னார். "கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

பிறகு அந்த அம்மாளைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான். தலைவர், "அம்மா, பிள்ளைங்களுக்குப் புள்ளி வச்சு சொல்லிக் குடுப்பீங்கல்ல?" என்று கேட்டதும் எழுந்துபோய்க் கரும்பலகையில் இரண்டு சொல் எழுதினார். 'அலா' புள்ளியில்லாமல். 'அலீ' இரண்டு புள்ளியோடு.

"பிள்ளைங்களுக்கு வைப்பேன். அவங்களுக்கு அது வேணும்." என் பக்கம் திரும்பினார். "இவருக்கு எழுதறப்ப வைக்க மாட்டேன்."

வாக்குத் தவறவில்லை. வேலையில் சேர்ந்துவிட்டார். பள்ளியின் வினாத்தாள்களை என்னிடம் ஒருமுறை பார்க்கக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அச்சுக்குப் போகும் தாளில் புள்ளிகள் ஒழுங்காக இருக்கும். எனக்கென்று கையால் எழுதி அனுப்பும் தாளில் கடைசி யா எதற்கும் புள்ளி இருக்காது. நான் பென்சிலால் வைத்து அனுப்புகிறேன். அடுத்த முறை அதே தாள் என் புள்ளிகளை அழித்துத் திரும்பி வருகிறது.

சிவப்புப் பேனாவை எடுப்பதில்லை. பென்சிலை விடுவதாகவும் இல்லை. வைக்கவேண்டிய புள்ளி வைக்கவேண்டியதுதான். அவர் அழிக்கட்டும். அழிக்க அவருக்கு உரிமை இருக்கிறது. அந்த வட்டங்களைப் போட்டு அதை நான்தான் கொடுத்தேன்.